18,000 திர்ஹமா, 65,000 யூரோவா? மாசக் கடைசியில் மிஞ்சுவதை வைத்துப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை, சி.டி.சி. 18 லட்சம். மனைவியும் வேலைக்குப் போகிறாள், அவளுக்குக் கையில் 45,000 வருகிறது. மகளுக்கு நாலு வயது. வாடகை, ஸ்கூல் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 85,000. இப்போது துபாயில் மாதம் 18,000 திர்ஹம், மியூனிக்கில் வருடம் 65,000 யூரோ என்று இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது. ரூபாயில் போட்டால் துபாய் 52 லட்சம், மியூனிக் 65 லட்சம். குடும்பத்தோடு போவதாகத்தான் எண்ணம். எதை எடுக்கலாம்?

முதலில் அந்த 52 லட்சத்தையும் 65 லட்சத்தையும் ஓரமாக வையுங்கள். இரண்டும் ஒரே தராசில் நிற்கிற எண்கள் இல்லை. மியூனிக் எண், வரியும் காப்பீடும் பிடிப்பதற்கு முந்தைய தொகை. துபாய் எண்ணில் வரிப்பிடித்தம் கிடையாது, ஆனால் அங்கே வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் வரியின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று ஊருக்கும் பொதுவாக ஒப்பிடத்தக்க எண் ஒன்றுதான்: பிடித்தம் போகக் கையில் வருவதில் குடும்பச் செலவைக் கழித்த பின் மாசக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பது. மனைவி வேலையை விட்டுவிட்டு வருவதென்றால் அந்த 45,000 ரூபாயும் இந்தக் கணக்குக்குள் வந்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற எண் அதுதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு திர்ஹம் 24 ரூபாய், ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இன்றைய மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்தே தொடங்குவோம். 18 லட்சம் சி.டி.சி.யில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி ஒதுக்கீடு போக கிராஸ் சுமார் 17,40,000 நிற்கும். 2025-26க்கான புதிய வரி முறையில் 75,000 நிலையான கழிவு போக 16,65,000 மேல் வரி, செஸ் சேர்த்து சுமார் 1,38,000. உங்கள் பங்கு பி.எஃப். மாதம் 1,800 என்றால் அதையும் தொழில்வரியையும் கழித்த பின் மாதம் ஏறக்குறைய 1,31,000 கையில் வரும். மனைவியின் 45,000 சேர்ந்தால் 1,76,000. செலவு 85,000 போக மிஞ்சுவது 91,000, வருடத்துக்கு 10.9 லட்சம். வெளிநாட்டு ஆஃபர் தாண்ட வேண்டிய கோடு இதுதான், 18 லட்சம் அல்ல.

இனி மியூனிக். 65,000 யூரோவை 12ஆல் வகுத்தால் மாதம் 5,417. ஜெர்மனியின் சம்பளச் சீட்டில் வருமான வரிக்கு முன்னாலேயே நான்கு சமூகக் காப்பீடுகளைப் பிடித்துவிடுவார்கள். 2025 விகிதப்படி உங்கள் பங்கு ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவக் காப்பீட்டுக்கு கூடுதல் கட்டணத்தோடு சராசரியாக 8.55, முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு ஒரு குழந்தை இருப்பவருக்கு 1.8. நான்கும் சேர்ந்து மாதம் சுமார் 1,135 யூரோ. இதே அளவு இன்னொரு பங்கை முதலாளியும் கட்டுகிறார், அது உங்கள் 65,000க்கு வெளியே. அதன் பிறகுதான் வருமான வரி. அது உங்கள் வரி வகுப்பைப் பொறுத்தது. மனைவியும் ஜெர்மனியில் வசித்து, அவருக்கு அங்கே வருமானம் இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு கிடைக்கும், வரி மாதம் சுமார் 514 யூரோ. கையில் வருவது 3,770. மகளுக்காக அரசு 2025இல் தந்த குழந்தைப் படி 255 சேர்த்தால் 4,025.

மனைவியும் மகளும் சென்னையிலேயே இருந்தால் நீங்கள் முதல் வகுப்பில்தான் இருப்பீர்கள். வரி 900க்கு மேல் போய், கையில் 3,360 அளவில் நின்றுவிடும். இந்தியாவில் வசிக்கும் குழந்தைக்கு அந்தப் படியும் கிடையாது. இங்கே ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வரி போடும் முறைக்கு, இருவரும் அந்த ஆண்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் அங்கே சேர்ந்து வசித்திருந்தால் போதும். மனைவி ஜனவரி முதல் வாரத்தில் வருவதாக இருந்தால், டிசம்பருக்குள் வந்து முகவரிப் பதிவு முடித்துவிட்டால் ஓடிப்போன வருடத்தின் வரியிலும் ஒரு பகுதி ரிட்டர்ன் தாக்கலில் திரும்பி வரும். அதே முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், எவாஞ்சலிக்கல் என்று எழுதினால் பவேரியாவில் வருமான வரியின் மேல் 8 சதவீதம் சர்ச் வரி சேரும். அது சர்ச்சுக்குப் போகிற பணம், தெரிந்து எழுதுங்கள்.

அந்த 4,025 யூரோவில் மியூனிக் குடும்பம் எப்படி ஓடும்? அந்த ஊரில் வாடகைதான் எல்லாமே. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் ‘கால்ட்’ வாடகை, அதாவது வெறும் சுவருக்கான தொகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் எல்லாம் சேர்ந்த ‘வார்ம்’ வாடகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மூவர் இருக்கத்தக்க ஒரு சுமாரான வீட்டுக்கு வார்ம் 1,800 என்று வைப்போம். மின்சாரம், போன், இன்டர்நெட், வீட்டுக்கு வீடு கட்டாயமான ஒலிபரப்புக் கட்டணம் 18.36 எல்லாம் சேர்த்து 150. மளிகை 550. இருவருக்கு ரயில் பாஸ் 2025 விலையில் 116. மகளின் பாலர் பள்ளிக்குச் சாப்பாடு உட்பட 150. குளிர்கால உடுப்பு, வெளிச் சாப்பாடு, மருந்து, சின்னக் காப்பீடுகள் 320. வருடம் ஒரு முறை மூவரும் ஊருக்கு வந்து போக மாதம் 200 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 3,286. மிஞ்சுவது 740 யூரோ, 74,000 ரூபாய். அதாவது 65 லட்சம் சம்பளத்தில், இன்று சென்னையில் மிஞ்சுவதைவிட 17,000 குறைவு.

ஆனால் அதோடு முடித்தால் மியூனிக்குக்கு அநியாயம் செய்ததாகும். மாதம் பிடிக்கும் 504 யூரோ ஓய்வூதியப் பங்கு காணாமல் போகிற பணம் இல்லை. 60 மாதங்களுக்குக் குறைவாகக் கட்டிவிட்டு இந்தியா திரும்பினால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி 24 மாதங்கள் கழித்து விண்ணப்பித்து உங்கள் பங்கைத் திரும்பப் பெறலாம். முதலாளி கட்டிய பங்கு வராது, வட்டியும் வராது. நாலு வருடம் வேலை பார்த்தால் 24,000 யூரோ, 24 லட்சம் ரூபாய். இதை மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்தால் 74,000 என்பது 1,24,000 ஆகிவிடும். 60 மாதம் நிறைந்துவிட்டால் திரும்பப் பெறும் வழி அடைபடும். அதற்குப் பதில் 67 வயதில் மாத ஓய்வூதியமாக வரும், 2017 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் இருந்துகொண்டே வாங்கலாம். ஆகவே நாலு வருடத்தில் திரும்புகிறவருக்கு இது சேமிப்பு. அங்கேயே தங்கப் போகிறவர் இதைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எப்படியிருந்தாலும் நடுவில் வீட்டுக்கு முன்பணம் கட்டவோ அவசரத்துக்கோ இதைத் தொட முடியாது.

துபாய்க் கணக்கு வேறு மாதிரி. 18,000 அப்படியே கையில் வரும், பிடித்தம் இல்லை. அல் நஹ்தா, குசைஸ் பக்கம் ஒரு படுக்கையறை வீடு வருடம் 75,000 என்றால் மாதம் 6,250. வருட வாடகையில் 5 சதவீதத்தை முனிசிபாலிட்டி வீட்டுக் கட்டணமாகக் கரண்ட் பில்லோடு சேர்த்து மாதாமாதம் வாங்கும், அது 312. கரண்ட், தண்ணீர், ஏ.சி. கூலிங் 600. இந்தியப் பாடத்திட்ட ஸ்கூலில் கே.ஜி. ஃபீஸும் பஸ்ஸும் மாதம் 1,500. மருத்துவக் காப்பீட்டில் கம்பெனியின் சட்டக் கடமை உங்களோடு முடிந்துவிடும். மனைவிக்கும் மகளுக்கும் எடுப்பது ஸ்பான்சர் செய்யும் உங்கள் பொறுப்பு, குறைந்தது 400 வையுங்கள். மளிகை 1,800, போன் இன்டர்நெட் 550, மெட்ரோ டாக்ஸி 600, வெளிச் செலவு 700, ஊருக்கு வர டிக்கெட் 300. கூட்டினால் 13,012. மிஞ்சுவது 5,000 திர்ஹம் என்று வைப்போம், 1,20,000 ரூபாய். சென்னையைவிட மாதம் 29,000 அதிகம். 52 லட்சம் என்று ஆரம்பித்த ஆஃபரின் உண்மையான லாபம் இவ்வளவுதான்.

அதுவும் முதல் வருடம் கிடைக்காது. துபாயில் வாடகை மாதாமாதம் கொடுப்பதில்லை, முன்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்க வேண்டும். நாலு காசோலைக்கு வீட்டுக்காரர் சம்மதித்தால் சாவி வாங்கும் நாளிலேயே 18,750 கணக்கில் இருக்க வேண்டும். அதோடு டெபாசிட் 5 சதவீதம் 3,750, ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 3,750, கரண்ட் இணைப்புக்கு டெபாசிட் 2,000. அப்போது முதல் சம்பளம் வந்திருக்காது. ஒரே காசோலையாகக் கொடுத்தால் வாடகை குறையும் என்பார்கள், அதற்காக அங்கே பர்சனல் லோன் எடுத்தால் குறைந்ததை வட்டி தின்றுவிடும். டெபாசிட்கள் பிறகு திரும்பி வரும். வராத செலவென்று பார்த்தால் கமிஷன், மனைவிக்கும் மகளுக்கும் விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐ.டி., கட்டில் ஃபிரிட்ஜ் வாஷிங்மெஷின் எல்லாம் சேர்த்து 25,000 திர்ஹம் தாராளமாக ஆகும். ஐந்து மாதச் சேமிப்பு அது. முதல் வருடம் மிஞ்சுவது 35,000 திர்ஹம், 8.4 லட்சம். சென்னையில் இருந்திருந்தால் 10.9 லட்சம். இரண்டாம் வருடம் துபாய் 14.4 லட்சம் தரும்போதுதான் இரண்டு வருடக் கூட்டல் சென்னையை மெல்லத் தாண்டுகிறது. ஒன்றரை வருடத்தில் வேலை போனாலோ ஒத்துவராமல் திரும்பினாலோ நஷ்டத்தில்தான் வந்திறங்குவீர்கள். மியூனிக்கிலும் முதல் வருடம் இதே கதைதான். மூன்று கால்ட் வாடகை வரை டெபாசிட் கேட்பார்கள். பல வீடுகளில் சமையலறை என்றால் தண்ணீர்க் குழாயும் கரண்ட் பாயின்ட்டும் மட்டுமே இருக்கும், அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

துபாய் ஆஃபர் லெட்டரில் 18,000 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். பேஸிக் 9,000, வீட்டுப்படி 6,000, போக்குவரத்து 3,000 என்று இருக்கும். அங்கே பி.எஃப். இல்லை, அதற்குப் பதில் வேலை முடியும்போது கிராஜுவிட்டி. ஒரு வருடமாவது முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேஸிக் சம்பளம். 9,000 பேஸிக்குக்கு அது 6,300 திர்ஹம், மாதத்துக்குப் பிரித்தால் 12,600 ரூபாய். அதே 18,000க்குள் பேஸிக் 5,400 என்று போட்டால் கிராஜுவிட்டி 3,780 ஆகச் சுருங்கிவிடும். மாதச் சம்பளத்தில் ஒரு திர்ஹமும் குறையாததால் இது கண்ணில் படாது. பேஸிக்கை உயர்த்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். மொத்தத்தை உயர்த்தக் கேட்பதைவிட இதற்குக் கம்பெனி எளிதில் இறங்கி வரும். ஆஃபர் லெட்டரில் உள்ள பிரிவும் தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தத்தில் உள்ள பிரிவும் ஒன்றாக இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் ஒத்துப் பாருங்கள். பிற்பாடு தகராறு என்று வந்தால் பதிவான ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

குடும்பத்தோடு போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த முடிவின் விலை என்ன என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். துபாய்க்கு நீங்கள் மட்டும் போய், பகிர்ந்த வீட்டில் தனி அறை 3,000, சாப்பாடு போக்குவரத்து போன் 2,000, டிக்கெட்டுக்கு 500 என்று இருந்தால் 12,500 திர்ஹம், மூன்று லட்சம் ரூபாய் மிஞ்சும். சென்னை வீட்டுச் செலவு 75,000க்கு இறங்கும், அதில் 45,000ஐ மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் 30,000 அனுப்பினால் போதும். சேமிப்பு 2,70,000. அதே வேலை, அதே சம்பளம், குடும்பத்தோடு 1,20,000, தனியாக 2,70,000. வெளிநாட்டில் நாலு வருடத்தில் வீட்டுக் கடனை அடைத்தவர்கள் என்று நீங்கள் கேள்விப்படுகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது கணக்கில் இருந்தவர்கள். நாலு வயதுக் குழந்தையை விட்டுப் பிரிந்திருப்பதற்கு 1,50,000 சரியான விலையா என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது. நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியது. அந்தப் பேச்சு இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு நடக்கட்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். மியூனிக்கில் இது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. குடும்பம் உடன் இருந்தால் வரி குறைகிறது, ஆறு வயதுக்கு மேல் அரசுப் பள்ளியில் ஃபீஸ் இல்லை. துபாயில் ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் ஃபீஸும் கூடவே ஏறும்.

துபாய் என்று முடிவானால் கிளம்பும் தேதியில் கவனம் வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. ஏப்ரல் 1 முதல் ஊரில் இருப்பவர் செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறினால் 181 நாள். நவம்பர் 1 ஏறினால், மார்ச் வரை துபாயில் வாங்கும் ஐந்து மாதச் சம்பளம் 21.6 லட்சம் உங்கள் சென்னைச் சம்பளத்தோடு கூடும். ஏழு மாதச் சென்னைச் சம்பளத்துக்கு மட்டும் என்றால் தள்ளுபடி போக வரியே இருந்திருக்காது. இரண்டும் கூடினால் ஐந்து லட்சத்துக்கு மேல் வரி வரும். துபாயில் டி.டி.எஸ். யாரும் பிடிப்பதில்லை என்பதால் ரிட்டர்ன் போடும்போதுதான் இது தெரியவரும். செப்டம்பர் 20 கிளம்பியவரும் பொங்கலுக்குப் பத்து நாள் வந்து போனால் 183 ஆகிவிடுகிறது. இரட்டை வரி ஒப்பந்தத்தின் கீழ் நிவாரணம் பொருந்துமா என்பது உங்கள் தேதிகளை வைத்து ஆடிட்டர் பார்க்க வேண்டிய விஷயம், அதை நம்பித் தேதியைத் தள்ளாதீர்கள். மியூனிக் விஷயத்தில் இந்தத் தொல்லை சிறிது. அங்கே கட்டிய வரிக்கு இங்கே ஈடு கிடைக்கும்.

மேலே சொன்னவற்றில் பிடித்தத்தின் விகிதம், வரி, கிராஜுவிட்டி, 182 நாள் எல்லாம் சட்டத்தில் உள்ளவை, ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுமே தவிர உங்கள் பழக்கத்தைப் பொறுத்து மாறாது. வாடகை அப்படி இல்லை. துபாயில் 75,000க்குப் பதில் 95,000க்குத்தான் வீடு கிடைத்தது என்றால் மாதம் 1,700 திர்ஹம் போய்விடும், சேமிப்பு சென்னைக்குக் கீழே இறங்கிவிடும். மியூனிக்கில் வார்ம் 2,100 என்றால் 740 யூரோ 440 ஆகும். அதனால் ஆஃபீஸ் இருக்கும் இடத்தைக் கேட்டு, அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இன்று விளம்பரத்தில் உள்ள பத்து வீடுகளின் வாடகையை எழுதி, நடுவில் உள்ளதை என் எண்ணுக்குப் பதிலாகப் போடுங்கள். திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் ரூபாய் சரிந்தால் உங்களுக்கு லாபம்தான், ஆனால் அந்தச் சரிவை முன்கூட்டியே கணக்கில் எழுதாதீர்கள்.

மூன்று வருடம் நிச்சயமாக இருப்பீர்கள், வீட்டுக் கடன் போல ரூபாயில் ஒரு இலக்கு இருக்கிறது, அந்தப் பணம் உடனே கையில் வேண்டும் என்றால் துபாய். ஆனால் 18,000க்கு அல்ல. குடும்ப மருத்துவக் காப்பீடும் மகளின் ஸ்கூல் ஃபீஸும் கம்பெனி ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். பஸ் செலவு போக அது மாதம் சுமார் 1,600 திர்ஹம், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடும். மனைவி ஜெர்மன் படிக்கத் தயார், அங்கே வேலை தேடுவார் என்றால் மியூனிக். ஜெர்மனியின் வேலை அனுமதியான நீலக் கார்டில் போகிறவரின் துணைக்கு வேலை செய்ய உரிமை உண்டு, அவர் கையில் 1,500 யூரோ கொண்டுவந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். ஆனால் மொழி வந்து வேலை கிடைக்க ஒன்றரை, இரண்டு வருடம் வையுங்கள். இரண்டுக்கும் பதில் ‘தெரியவில்லை’ என்றால், சென்னையிலேயே வேறு கம்பெனியில் 22.6 லட்சத்துக்கு ஒரு ஆஃபர் தேடிப் பாருங்கள். அது கிடைத்தால் மாதம் சுமார் 29,000 கூடுதலாக மிஞ்சும், 18,000 திர்ஹம் துபாயில் உங்களுக்குக் கூடுதலாக மிச்சம் பிடித்துக் கொடுக்கும் அதே தொகை.